செட்டியார் ஏன் இளைத்துப் போனார்?

எங்கள் வீட்டுக் கொலுவில் செட்டியாரும் செட்டிச்சியும் கீழ்ப்படியில் கடை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். பாட்டி காலத்து மண் பொம்மைகள். இருவரும் ஒரே உயரம், 15 செ.மீ. சில வருடங்களுக்கு முன் பரணிலிருந்து இறக்கும்போது செட்டியார் கை நழுவி விழுந்து மூன்று துண்டானார். பசை போட்டு ஒட்டினேன். ஆனால் கழுத்தைச் சுற்றிக் கோடு விழுந்த செட்டியாரைக் கடையில் உட்கார வைக்க மனம் வரவில்லை. அவரையே மாதிரியாக வைத்து அச்சு எடுத்து, புதுச் செட்டியார் ஒருவரைச் செய்துவிடலாம் என்று தோன்றியது.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் இரண்டு பாதியாக அச்சு எடுத்தேன். களிமண்ணை உள்ளே அழுத்தி, இரு பாதிகளையும் சேர்த்து, காயவைத்தேன். தெரிந்த குயவர் ஒருவர் தன் சூளையில் வைத்துச் சுட்டுக் கொடுத்தார். தொப்பையின் மடிப்புகூட அப்படியே வந்திருந்தது. பெருமையாகக் கொண்டுவந்து செட்டிச்சி பக்கத்தில் வைத்தால், புதுச் செட்டியார் அவள் புருவத்துக்குத்தான் எட்டினார். அளந்து பார்த்தேன், 13.5 செ.மீ.

குயவரிடம் போய்ச் சொன்னபோது அவர் சிரித்தார். "மண்ணு சுருங்கும்ல சார். அச்சைக் குத்தம் சொல்லாதீங்க" என்றார்.

அவர் சொன்னது சரிதான். பிசைந்த களிமண்ணில் நிறைய தண்ணீர் இருக்கிறது. காயும்போது அது போகப் போக மண் துகள்கள் நெருங்கி வருகின்றன. சூளையில் இன்னும் கொஞ்சம் நெருங்குகின்றன. மண்ணுக்கு மண் அளவு மாறும். ஈரமாக இருந்ததிலிருந்து சுட்டு எடுப்பது வரை நூற்றுக்குப் பத்து பங்கு குறைவது சாதாரணம். 15 செ.மீ.யில் பத்து சதவீதம் போனால் 13.5. இந்தப் புதுச் செட்டியாரிடமிருந்து மறுபடி அச்சு எடுத்து மண்ணில் செய்தால் அடுத்தவர் 12 செ.மீ. சொச்சம்தான் இருப்பார். ஒருவர் செய்த மண் பொம்மையை வாங்கி, அதிலிருந்தே அச்சு எடுத்து இன்னொருவர் விற்றால், அசலையும் நகலையும் பக்கத்தில் வைத்தாலே பிடிபட்டுவிடும். நகல் எப்போதும் ஒரு சுற்று சிறியது, முகமும் கொஞ்சம் மழுங்கியிருக்கும்.

அப்படியானால் பிளாஸ்டரை விட்டுவிட்டு சிலிகான் ரப்பரில் அச்சு எடுத்தால் என்ன? எல்லோரும் அதைத்தானே சொல்கிறார்கள், சிலிகான்தான் நுணுக்கமாக வரும் என்று? நானும் அப்படித்தான் நினைத்து, வாங்கி, செய்து பார்த்தேன். அச்சு பிரமாதம். அதற்குள் களிமண்ணை அழுத்திவிட்டு மறுநாள் காலை திறந்தேன். வைத்த ஈரம் அப்படியே இருந்தது. உரிக்கப் போனால் மூக்கு அச்சோடு வந்துவிட்டது.

காரணம் தண்ணீர். பிளாஸ்டர் என்பது ஜிப்சத்தைச் சூடாக்கி, அதிலிருந்த நீரில் பெரும்பகுதியை விரட்டிய தூள். தண்ணீர் சேர்த்தால் அது இழந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு கல்லாகிறது. நூறு கிராம் தூள் இறுகுவதற்கு உண்மையில் 19 கிராம் தண்ணீர்கூடத் தேவையில்லை. ஆனால் ஊற்றுகிற பதம் வேண்டுமே, அதனால் 70 கிராம் அளவுக்குச் சேர்க்கிறோம். மிச்சத் தண்ணீர் பிறகு உலர்ந்து போகிறது. அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அந்தத் துளைகள்தான் களிமண்ணின் ஈரத்தை உறிஞ்சுகின்றன. மண்ணின் வெளித்தோல் முதலில் உலர்ந்து, இம்மி சுருங்கி, அச்சின் சுவரைத் தானாகவே விட்டு விலகுகிறது. என் செட்டியாரைக் குள்ளமாக்கிய அதே சுருக்கம்தான் அவரைச் சேதமில்லாமல் அச்சிலிருந்து வெளியே விட்டது.

சிலிகான் ஒரு சொட்டுத் தண்ணீரும் குடிக்காது. உள்ளே ஊற்றுவது தானாக இறுகும் பொருளாக இருக்க வேண்டும்: பிளாஸ்டர், ரெசின், மெழுகு, சிமென்ட். அப்போது பொருள் சுருங்கி விலக வேண்டியதில்லை, அச்சே வளைந்து கொடுத்து விலகிக்கொள்ளும். எனவே எந்த அச்சு உசத்தி என்பதைவிட, அதற்குள் என்ன போகப் போகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

நுணுக்கம் பற்றிய பேச்சுக்கு வருவோம். பல் மருத்துவர்கள் நம் பல்லின் மாதிரியை ஜிப்சம் கலவையில்தான் வார்க்கிறார்கள். புது பிளாஸ்டரில் கட்டைவிரல் ரேகை பதியும். முதல் பொம்மையை வைத்து இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். வித்தியாசம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது.

ஒன்று, உள்ளே வளைந்து போகும் குழிவுகள். செட்டியார் ஒரு கையைத் தொடையில் ஊன்றியிருப்பார். முழங்கைக்குப் பின்னால் ஆழமான ஒரு குழி. பிளாஸ்டர் அச்சு அதற்குள் நுழைந்து இறுகிவிட்டால் வெளியே வராது. அச்சு உடையும், அல்லது கை உடையும். அதனால் அந்தக் குழியை நான் முன்கூட்டியே களிமண்ணால் அடைத்துவிட்டேன். புதுச் செட்டியாருக்குக் கை இடுப்போடு ஒட்டிப்போனது அதனால்தான். அச்சைப் பல துண்டுகளாகச் செய்தால் பிளாஸ்டரிலும் இதைச் சமாளிக்கலாம், ஆனால் அது தேர்ந்த கை செய்கிற வேலை. சிலிகானோ குழிக்குள் போகும், வளைந்து வெளியே வந்துவிடும்.

இன்னொன்று தேய்மானம். ஈர மண்ணை அழுத்தி அழுத்தி எடுக்க, பிளாஸ்டரின் முகம் மெல்லக் கரைகிறது. முதலில் போவது புருவம், பிறகு நெற்றிப் பட்டை, பிறகு விரல் இடுக்குகள். பீங்கான் பட்டறைகளில் மண் கூழை ஊற்றி வார்க்கும் அச்சு சுமார் நூறு வார்ப்புக்குப் பிறகு ஓய்வு பெறும். கூழ் இளகலாக இருப்பதற்குச் சேர்க்கும் சோடியம் சிலிகேட்டும் பிளாஸ்டரை அரிக்கும். சிலிகானில் பிளாஸ்டர் பொம்மை வார்த்தால் நூற்றைத் தாண்டியும் முகம் மழுங்காது. அதன் முடிவு கிழிசலில் வரும். ரெசின் ஊற்றினால் அதன் ரசாயனம் ரப்பரை உலர்த்தி விறைப்பாக்கிவிடுவதால் ஆயுள் குறைவு.

மண் செட்டியார் கிடக்கட்டும், கையில் இருக்கும் சிலிகானுக்கு ஏற்ப பிளாஸ்டர் செட்டியாரைச் செய்வோம் என்று தீர்மானித்தேன். மண்ணை அழுத்தியதில் முதல் அச்சு ஓரத்தில் கிழிந்திருந்தது, ஆகவே புதிதாக ஒன்று. சுட்ட மண் துளை நிறைந்தது, சிலிகான் உள்ளே ஊறிவிடும் என்பதால் பழைய செட்டியாருக்கு அரக்கு வார்னிஷ் இரண்டு பூச்சு அடித்தேன். அட்டைப்பெட்டிக்குள் அவரைத் தலைகீழாக இல்லாமல், நேராகவே ஒட்டி நிறுத்தினேன். சுற்றிலும் ஒரு செ.மீ. இடைவெளி, தலைக்கு மேலும் ஒரு செ.மீ. சிலிகான் எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு சமையலறை வழி உண்டு. பெட்டிக்குள் அந்த உயரம் வரை கேழ்வரகைக் கொட்டி, பிறகு அதை அளவுக் குவளையில் அளந்தேன். 850 மி.லி. சிலிகான் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம் என்பதால் ஒரு கிலோவாகக் கணக்கு வைத்துக்கொண்டேன். விலையைப் பார்த்தால் இங்கேதான் வயிறு எரியும், அதே அளவு பிளாஸ்டர் இதில் ஒரு துளி விலைக்குக் கிடைக்கும்.

கடைகளில் சிலிகான் இரண்டு வகை. வெள்ளீயச் சேர்மத்தால் இறுகுவது ஒன்று, பிளாட்டினத்தால் இறுகுவது இன்னொன்று. நான் வாங்கியது முதல் வகை, நூற்றுக்கு மூன்று பங்கு இறுக்கி. ஒரு கிலோவுக்கு 30 கிராம், தராசில்தான் நிறுக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாக விட்டால் அச்சு முறுகிப்போய் விரைவில் கிழியும். இரண்டாவது வகை சுருங்குவதே இல்லை என்று சொல்லலாம், ஆனால் அதற்கு ஏகப்பட்ட ஒவ்வாமை. முன்பு ஒரு அகல்விளக்குக்கு அச்சு எடுத்தபோது, அடியில் படுக்கை போட நான் பயன்படுத்திய எண்ணெய்க் களிமண்ணில் கந்தகம் இருந்திருக்கிறது. இரண்டு நாள் கழித்தும் களிமண் தொட்ட இடம் மட்டும் தேன் மாதிரி பிசுபிசுத்தது, மற்ற இடமெல்லாம் ரப்பர். இப்படி ஓரிடத்தில் மட்டும் இறுகாமல் நின்றால் கலவையில் பிழை தேட வேண்டாம், தொட்டதில் தேட வேண்டும்.

கலவையைப் பெட்டியின் ஒரு மூலையில், கை உயர்த்தி, நூலாக ஊற்றினேன். நூலாக இறங்கும்போது குமிழிகள் உடைந்துவிடும். மறுநாள் பெட்டியைப் பிரித்து, முதுகுப் பக்கம் பிளேடால் வளைந்து வளைந்து கீறினேன். நேர்கோடாகக் கீறினால் திரும்ப மூடும்போது வழுக்கும். செட்டியார் வெளியே வந்தார், முழங்கைக் குழியோடு.

ரப்பர் பட்டை போட்டு மூடி, 700 மி.லி. தண்ணீருக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் பிளாஸ்டரைத் தண்ணீரில் தூவி, ஊறவிட்டுக் கலக்கி ஊற்றினேன். வந்தவரை அளந்தேன். அடிக்கோலில் 15 செ.மீ. இந்த வகை சிலிகான் ஆயிரத்துக்கு மூன்று நான்கு பங்கு சுருங்கும், அதாவது இந்த உயரத்துக்கு அரை மில்லிமீட்டர். பிளாஸ்டரோ இறுகும்போது ஆயிரத்துக்கு இரண்டு மூன்று பங்கு விரியும். ஒன்றை ஒன்று ஏறக்குறைய ஈடுகட்டிவிடுகிறது. அச்சு சும்மா கிடந்தால் மாதக்கணக்கில் இன்னும் கொஞ்சம் சுருங்கும், கோணவும் செய்யும். அதனால் ஒரு வார்ப்பை உள்ளேயே விட்டு வைத்திருக்கிறேன்.

கொலு முடிந்ததும் குயவரிடம் காட்டினேன். கையில் வாங்கி எடை பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா தண்ணி பட்டா போச்சே" என்றார். பிளாஸ்டர் பொம்மை ஈரத்தில் உதிரும், உண்மை. மண்ணில்தான் வேண்டுமென்றால் என்ன வழி என்று கேட்டேன். ஒரு காகிதத்தை எடுத்து, 11.1 மி.மீ.க்கு ஒரு கோடாகப் போடச் சொல்லி, அதையே ஒரு செ.மீ. என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். அந்த அளவுகோலில் 15 என்பது நிஜத்தில் 16.7 செ.மீ. அந்த உயரத்தில் செட்டியாரை ஈர மண்ணில் நான் புதிதாக வனைந்தேன். அதற்கு சிலிகானில் ஒரு தாய் அச்சு எடுத்து, அதிலிருந்து பிளாஸ்டர் வார்ப்பு ஒன்றை எடுத்து மாதிரியாக வைத்துக்கொண்டேன். மண் அழுத்தும் பிளாஸ்டர் அச்சுகளை அந்த மாதிரியிலிருந்து வேண்டும்போதெல்லாம் எடுத்துக்கொள்ளலாம். புருவம் மழுங்கினால் அச்சைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது.

அப்படி எடுத்த பிளாஸ்டர் அச்சு இப்போது மாடியில் காய்கிறது. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், ஜில்லென்றிருக்கிறது. ஈரம் இன்னும் போகவில்லை. அந்த ஜில்லிப்பு அடங்குவதற்குள் மண்ணை அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். செட்டிச்சி இன்னும் இரண்டு மூன்று நாள் தனியாகத்தான் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.