35 சதவீத வேலைக்கே எழுத்து தொலைவது ஏன்?

அர்டுவினோ ஊனோ போர்டு ஒன்று கணினியிலிருந்து தகவலைப் பெற்றுக்கொண்டிருக்கிறது. அவ்வப்போது நடுவில் சில எழுத்துகள் மட்டும் காணாமல் போகின்றன. சிப்புக்கு வேலை அதிகமோ என்றுதான் முதலில் சந்தேகம் வரும்.

அதைப் பார்க்க எளிய வழி உண்டு. வேலை இல்லாதபோது சிப் சும்மா சுற்றும் லூப்பில் ஓர் எண்ணியை வைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று கூட்ட வேண்டும். வேறு வேலை எதுவும் கொடுக்காமல் ஓடவிட்டபோது ஒரு விநாடிக்கு 6,00,000 வந்தது என்று வைத்துக்கொள்வோம். முழு நிரலும் ஓடும்போது 3,90,000 வந்தால், 65 சதவீத நேரம் சும்மா, சுமை 35. கம்பைலர் அமைப்பை மாற்றினால் அந்த 6,00,000-ஐ மறுபடி அளக்க வேண்டும். எண்ணியை இன்டரப்டுக்குள் பூஜ்ஜியமாக்கவும் கூடாது. லூப் பழைய எண்ணைக் கையில் எடுத்த நொடியில் இன்டரப்ட் வந்தால், அந்தப் பழைய எண்ணே திரும்ப எழுதப்பட்டு, அடுத்த கணக்கு இரட்டிப்பாகத் தெரியும்.

சுமை 35 சதவீதம்தான். அப்புறம் ஏன் எழுத்து தொலைகிறது? எண்ணி சொல்வது சராசரி. ஒரு விநாடியில் ஒரே ஒரு தடவை ஏதோ ஒரு வேலை அரை மில்லி விநாடி இழுத்தால், அது 0.05 சதவீதம், எண்ணியில் தெரியவே தெரியாது.

இங்கேதான் பயன்படாமல் கிடக்கும் பின் கைகொடுக்கிறது. 8-ஆம் எண் பின்னை வெளியீடாக அமைத்துவிட்டு, ஒவ்வொரு மில்லி விநாடியும் ஓடும் இன்டரப்டில் இரண்டு வரி சேர்த்தால் போதும்:

```c
ISR(TIMER1_COMPA_vect) {
  PORTB |= (1 << 0);
  do_work();
  PORTB &= ~(1 << 0);
}
```

இதற்கு `digitalWrite` வேண்டாம். அதற்கே சில மைக்ரோ விநாடி போய்விடும். மேலே உள்ள வரிக்கு 16 மெகாஹெர்ட்ஸில் 0.125 மைக்ரோ விநாடிதான்.

பின்னில் ஆசிலோஸ்கோப்பை மாட்டினால் துடிப்பின் அகலமே வேலை நேரம். பெரும்பாலும் 180 மைக்ரோ விநாடி. 300-ஐத் தாண்டும் துடிப்பை மட்டும் பிடி என்று டிரிக்கரை வைத்ததும், விநாடிக்கு ஒன்று மாட்டுகிறது: 620. திரைக்காகத் தசம எண்ணை எழுத்தாக மாற்றும் வேலை அது. 1,15,200 பாடில் ஓர் எழுத்து வர 87 மைக்ரோ விநாடி. சிப் மூன்று எழுத்து வரைதான் தாங்கும், அதாவது சுமார் 260. இன்டரப்ட் முடியும்வரை அவற்றை எடுக்க ஆளில்லை. 180-இல் தப்பியது 620-இல் வழிகிறது. அந்த மாற்றும் வேலையை லூப்புக்குத் தள்ளினால் சுமை அதே 35-இல் நிற்கும், எழுத்து தொலையாது.

பின் காட்டுவதும் முழு நேரமல்ல. இன்டரப்டுக்குள் நுழையவும் வெளியேறவும் ஆகும் சில மைக்ரோ விநாடி துடிப்புக்கு வெளியே போய்விடும். தவிர, அது காட்டுவது இதுவரை கண்ட மிக நீண்ட நேரத்தை மட்டுமே. சென்சாரின் கம்பியைப் பிடுங்கினால் ஓடும் பிழைச் சோதனை இன்னும் நீளமாக இருக்கலாம். ஸ்கோப் மாட்டியிருக்கும்போதே அந்தக் கம்பியையும் பிடுங்கிப் பார்க்க வேண்டும்.