47 என்றால் எந்த நூற்றாண்டு?

எக்செல் தாளில் 14/08/29 என்று தட்டினால், அது 2029 ஆகஸ்ட் என்று எடுத்துக்கொள்ளும். பல கணினிகளில் 14/08/30 என்று தட்டினால் 1930 ஆகிவிடும். 00 முதல் 29 வரை இந்த நூற்றாண்டு, 30 முதல் 99 வரை போன நூற்றாண்டு என்பது அதில் நெடுங்காலமாக இருந்த வழக்கம். கணினியின் அமைப்பில் இதை மாற்றவும் முடியும். பைத்தான் மொழியில் கோடு வேறிடத்தில் விழுகிறது. அங்கே 68 என்றால் 2068, 69 என்றால் 1969. 1965-இல் பிறந்தவரின் தேதியை 65 என்று மட்டும் கொடுத்தால், அவர் இன்னும் பிறக்கவே இல்லை என்றாகிவிடும்.

இந்தக் கோடுகள் எதுவும் நம் பட்டியலைப் பார்த்துப் போடப்பட்டவை அல்ல. எனவே கோட்டை நாமே போட வேண்டும்.

ஒரு கூட்டுறவு சிக்கன நாணய சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை எடுத்துக்கொள்வோம். 2025 மார்ச் 31 நிலவரப்படி தயாரானது. சங்கம் தொடங்கியது 1962-இல். 18 வயது நிரம்பியவர்களே உறுப்பினர்கள். பிறந்த தேதி, சேர்ந்த தேதி இரண்டிலும் ஆண்டுக்கு இரண்டு இலக்கம்தான்.

பிறந்த தேதியில் முதலில் கேட்க வேண்டியது, இதில் இருக்கக்கூடிய மிகப் பிந்திய தேதி எது என்பதுதான். பட்டியல் நாளிலிருந்து 18 ஆண்டு பின்னால் போனால் 31/03/2007. அதற்குப் பின் பிறந்த எவரும் இதில் இருக்க முடியாது. அதுவே நம் கோடு. அதிலிருந்து பின்னோக்கி நூறு ஆண்டுகளுக்குள் ஒவ்வொரு தேதியும் ஒரே ஒரு முறைதான் வரும். 117 வயது வரை இதில் அடங்கிவிடுவதால் மூத்த உறுப்பினர்களுக்கும் பாதிப்பில்லை. பட்டியல் நாளையே கோடாக வைத்திருந்தால், 1924-இல் பிறந்த நூறு வயதுக்காரர் 2024-இல் பிறந்த குழந்தையாகியிருப்பார்.

பிறந்த தேதி A பத்தியில் எழுத்துவடிவில் (நாள்/மாதம்/ஆண்டு, எல்லாம் இரண்டிரண்டு இலக்கம்) இருக்கட்டும். E1 கட்டத்தில் 31/03/2007 என்று முழுதாக எழுதுங்கள். B2-இல் எல்லாரையும் முதலில் 2000-க்குக் கொண்டுபோகிறோம்:

```
=DATE(2000+RIGHT(A2,2), MID(A2,4,2), LEFT(A2,2))
```

C2-இல், கோட்டைத் தாண்டியவர்களை மட்டும் 1200 மாதம், அதாவது நூறு ஆண்டு, பின்னால் தள்ளுகிறோம்:

```
=IF(B2>$E$1, EDATE(B2,-1200), B2)
```

14/08/47 முதலில் 2047 ஆகி, பிறகு 1947-க்குத் திரும்பும். 12/02/05 அப்படியே 2005-இல் நிற்கும். 20/11/07 என்ன ஆகும்? கோட்டைத் தாண்டுவதால் 1907-க்குப் போய், 117 வயது என்று வரும். அது தட்டச்சுப் பிழையாக இருக்கலாம், 18 நிரம்பாதவரைச் சேர்த்ததாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று சூத்திரம் சொல்லாது. விண்ணப்பத்தை எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

E1-இல் இன்றைய தேதியைத் தரும் TODAY() போடுவது பலருக்கும் தோன்றும். அது ஆபத்து. கோடு நாளுக்கு நாள் நகரும். பட்டியல் தயாரான நாளில் 1926-இல் பிறந்தவராக இருப்பவர், சில ஆண்டு கழித்து அதே கோப்பைத் திறக்கும்போது 2026-க்குத் தாவிவிடுவார். பட்டியலின் தேதிதான் கணக்கு, திறக்கும் நாள் அல்ல.

சேர்ந்த தேதிக்கு இந்தக் கோடு பொருந்தாது. அங்கே இரண்டு பக்கமும் எல்லை தெரியும்: 1962-க்கு முன் சங்கமே இல்லை, 2025 மார்ச்சுக்குப் பின் பட்டியல் இல்லை. ஆகவே 62 முதல் 99 வரை போன நூற்றாண்டு, 00 முதல் 25 வரை இந்த நூற்றாண்டு. இடையில் 26 முதல் 61 வரை எந்த எண் வந்தாலும் அது பிழைதான். அதைச் சூத்திரத்தால் ஏதாவது ஒரு பக்கம் தள்ளிவிடாமல் தனியாகக் குறித்து வையுங்கள். கடன் முடியும் தேதி என்று ஒரு பத்தி இருந்தால் அது எதிர்காலத்துக்குள் நீளும். 2025-இல் கொடுத்த இருபது ஆண்டுக் கடனில் 45 என்பது 2045-தான். ஒரே தாளில் மூன்று பத்திக்கு மூன்று கோடு.

முடித்ததும், பிறந்த தேதியை வரிசைப்படுத்தி இரு முனைகளையும் பாருங்கள். பிறகு சேர்ந்த தேதியிலிருந்து பிறந்த தேதியைக் கழித்து, சேரும்போது என்ன வயது என்று பாருங்கள். நூற்றாண்டு தவறினால் அந்த வயது சரியாக நூறு ஆண்டு விலகும். மைனஸிலோ நூறைத் தாண்டியோ நிற்பதால் உடனே கண்ணில் படும். 29/02/00 என்ற தேதிக்கு மட்டும் சந்தேகமே வேண்டாம்: 1900 லீப் ஆண்டு இல்லை, 2000 லீப் ஆண்டு.

பழைய பத்தியை அழிக்காதீர்கள். எந்தக் கோட்டை வைத்து மாற்றினீர்கள் என்பதைத் தாளிலேயே எழுதி வையுங்கள். அடுத்த முறை விண்ணப்பப் படிவம் அச்சிடும்போது ஆண்டுக்கு நான்கு கட்டம் விடுங்கள்.