கல்லீரல் மீண்டும் வளர்கிறது, மூளை ஏன் வளர்வதில்லை?

அறுபது வயதான ஒருவரின் கல்லீரல் செல்களுக்குச் சராசரி வயது மூன்றுக்கும் குறைவு. அதே மனிதரின் பெருமூளைப் புறணியில் உள்ள நரம்பு செல்களுக்கு அவருடைய வயதுதான். அவர் பிறந்தபோது இருந்தவையே இன்றும் இருக்கின்றன.

இதைக் கண்டுபிடிக்க உதவியவை அணுகுண்டுச் சோதனைகள். 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் திறந்தவெளியில் நடந்த அந்தச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறக்குறைய இரு மடங்கானது. 1963-இல் தடை ஒப்பந்தம் வந்த பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தது. காற்றில் இருந்த கார்பன் பயிருக்கும், பயிரிலிருந்து நமக்கும் வந்தது. ஒரு செல் பிரியும்போது புதிய டி.என்.ஏ.வை உருவாக்க அந்த ஆண்டின் கார்பனைத்தான் எடுத்துக்கொள்கிறது. பிறகு அது மீண்டும் பிரியாதவரை அந்தக் கார்பன் மாறுவதில்லை. எனவே டி.என்.ஏ.வில் உள்ள கார்பன்-14 அளவைக் கொண்டு செல் பிறந்த ஆண்டைக் கணக்கிடலாம். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃப்ரிசன் குழுவினர் 2005-இல் இந்த முறையை வெளியிட்டனர். 2022-இல் ட்ரெஸ்டனில் பணிபுரிந்த ஓலாஃப் பெர்க்மன் தலைமையிலான குழு இதே முறையில் 20 முதல் 84 வயது வரையிலானவர்களின் கல்லீரலைச் சோதித்தது. இளைஞரோ முதியவரோ, கல்லீரல் செல்லின் சராசரி வயது மூன்றைத் தாண்டவில்லை.

ஆனால் சாதாரண ஒரு நாளில் கல்லீரலிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், பிரிந்துகொண்டிருக்கும் செல்லைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பல்லாயிரத்தில் ஒன்று கிடைக்கலாம். மற்றவை எல்லாம் தம் வேலையைச் செய்தபடி இருக்கும். மூளைத் துணுக்கில் நரம்பு செல்களைப் பார்த்தாலும் இதே காட்சிதான். இரண்டும் பிரியாமல் இருக்கின்றன. அப்படியிருந்தும் ஒன்று புதிதாகிறது, மற்றது பழையதாகவே இருக்கிறது.

செல் பிரிவுக்கு ஒரு சுழற்சி உண்டு. முதலில் ஜி-1 என்ற கட்டத்தில் செல் வளர்ந்து ஆயத்தமாகும். எஸ் கட்டத்தில் டி.என்.ஏ. முழுவதையும் நகலெடுக்கும். ஜி-2-வில் சரிபார்க்கும். கடைசியில் இரண்டாகப் பிரியும். இந்தச் சுழற்சியை விட்டு வெளியே வந்து நிற்கும் நிலையை 1963-இல் லாஸ்லோ லைதா ஜி-0 என்று குறித்தார். நம் உடலில் பெரும்பாலான செல்கள் இங்கேதான் இருக்கின்றன. இதைச் சும்மா கிடப்பது என்று நினைத்துவிடக் கூடாது. ஆர்.பி. என்ற புரதமும் அதன் உறவுப் புரதங்களும் டி.என்.ஏ. நகலெடுக்கத் தேவையான மரபணுக்களை அழுத்திப் பிடித்திருக்கின்றன. அந்தப் பிடி தளரும்வரை செல் உள்ளே போகாது. ஜி-0 என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு ஆழங்கள் இருக்கின்றன என்பதைத்தான் கல்லீரலும் நரம்பும் காட்டுகின்றன.

கல்லீரலின் ஆழம் குறைவு. அது எவ்வளவு என்பதை 1931-இல் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் இருவரும் எலியில் செய்த அறுவை முறையால் அளக்க முடிந்தது. எலியின் கல்லீரல் தனித்தனி மடல்களாக இருக்கும். அவற்றில் பெரிய மடல்களை அடியில் நூலால் கட்டி அகற்றினால் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். மிஞ்சும் மடல்களுக்குக் காயம் கிடையாது, அழற்சி கிடையாது. அதனால் அடுத்து நடப்பவற்றை மணிக்கணக்கில் தெளிவாகப் பின்தொடரலாம். இன்றும் ஆய்வுக்கூடங்களில் இந்த முறைதான் பயன்படுகிறது.

குடலிலிருந்து சத்துகளைச் சுமந்துவரும் போர்ட்டல் சிரையின் ரத்தம் முழுவதும் இப்போது மூன்றில் ஒரு பங்கு கல்லீரல் வழியாகவே பாய வேண்டியிருக்கிறது. இழப்பின் முதல் செய்தி இந்த அழுத்தம்தான். சில நிமிடங்களில் செல்களைச் சுற்றியுள்ள சவ்வுப் பொருளை உடைக்கும் நொதிகள் விழித்துக்கொள்கின்றன. அதற்குள் அடைபட்டிருந்த எச்.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி விடுபடுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு உயர்ந்துவிடும். கல்லீரலிலேயே குடியிருக்கும் குப்ஃபர் செல்கள் இன்டர்லூகின்-6 போன்ற செய்திப் புரதங்களை வெளிவிடுகின்றன. அரை மணி நேரத்திலேயே கல்லீரல் செல்லில் முதல் தொகுதி மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. இந்தப் படியில் செல் ஜி-0-விலிருந்து ஜி-1-க்குள் கால் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இன்னும் திரும்பிப் போக முடியும்.

எச்.ஜி.எஃப். போன்ற காரணிகள் தொடர்ந்து தூண்டினால் செல்லுக்குள் சைக்ளின் டி-1 என்ற புரதம் சேரும். அது தன் கூட்டாளி நொதிகளோடு சேர்ந்து ஆர்.பி.யில் பாஸ்பேட்டுகளை ஏற்றி அதன் பிடியைத் தளர்த்துகிறது. ஓர் எல்லையைக் கடந்த பிறகு வெளியிலிருந்து தூண்டல் தேவைப்படாது. செல் தானாகவே டி.என்.ஏ. நகலெடுப்புக்குப் போய்விடும். எலியில் அந்த நகலெடுப்பு அறுவைக்கு ஏறத்தாழ 24 மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும். 7 முதல் 10 நாளில் கல்லீரல் பழைய எடைக்கு வந்துவிடும்.

இங்கே பலரும் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. வெட்டிய கிளை துளிர்ப்பது போல, அகற்றிய மடல் திரும்ப முளைப்பதில்லை. மிஞ்சிய மடல்கள்தான் பெரிதாகின்றன. மூன்றில் ஒரு பங்கு செல்கள் முழு எண்ணிக்கைக்கு வர வேண்டுமானால் எல்லாமே ஒருமுறை பிரிந்தால் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். அவற்றில் பாதி இன்னொரு முறை பிரிந்தால் கணக்கு நேராகும். உண்மையில் செல்கள் ஒவ்வொன்றும் சற்றுப் பருத்தும் பங்களிப்பதால் அத்தனை பிரிவுகூடத் தேவைப்படுவதில்லை. அதாவது, ஒரு செல்லின் மீது விழும் சுமை ஓரிரு பிரிவுகள்தான். இதற்கென்று தனியாக ஸ்டெம் செல் படை எதுவும் வேண்டியதில்லை. நேற்றுவரை ஆல்புமின் செய்துகொண்டும் சர்க்கரையைச் சேமித்துக்கொண்டும் இருந்த அதே செல்தான் இன்று பிரிகிறது. பிரியும் நாளிலும் அந்த வேலைகளை அது கைவிடுவதில்லை. என் பார்வையில் கல்லீரலின் பெரிய திறமை வேகமல்ல, இதுதான்.

செய்தி ரத்தத்தில்தான் வருகிறது என்பதை 1967-இல் மூல்டனும் நான்சி புச்சரும் காட்டினர். கல்லீரல் குறைக்கப்பட்ட எலியின் ரத்தமும் முழுக் கல்லீரலுள்ள எலியின் ரத்தமும் கலந்து ஓடும்படி செய்தபோது, எதையும் இழக்காத எலியின் கல்லீரலும் டி.என்.ஏ. நகலெடுக்கத் தொடங்கியது. எங்கே நிறுத்துவது என்பதும் உடலின் அளவைப் பொறுத்தது. 1992-இல் பிட்ஸ்பர்க்கில் தாமஸ் ஸ்டார்ஸ்ல் குழுவினர் பபூன் குரங்கின் கல்லீரலை ஒரு மனிதருக்குப் பொருத்தினர். அவர் 70 நாள்தான் வாழ்ந்தார். ஆனால் அந்தச் சிறிய கல்லீரல் சில வாரங்களிலேயே மனித அளவுக்கு வளர்ந்திருந்தது.

இந்தியாவில் நடக்கும் கல்லீரல் மாற்று அறுவைகளில் பெரும்பாலானவை உயிரோடிருக்கும் உறவினர் கொடுப்பதால் நடப்பவை. பெரியவருக்குக் கொடுக்கும்போது வழக்கமாக வலது மடலை, அதாவது 60 சதவீதம் அளவுக்கு எடுக்கிறார்கள். கொடுப்பவரிடம் குறைந்தது 30 சதவீதமாவது மிஞ்ச வேண்டும் என்பதற்காக முன்கூட்டியே ஸ்கேனில் கன அளவைக் கணக்கிடுகிறார்கள். மிஞ்சுவது மிகச் சிறிதானால், தூண்டுகோலாக இருக்க வேண்டிய அதே ரத்த அழுத்தம் நுண்குழாய்களைச் சிதைத்துவிடும். அறுவைக்குப் பின் ரத்தம் உறையும் நேரமும் பிலிருபினும் நாளுக்கு நாள் இறங்கி வருகின்றனவா என்று பார்ப்பது இதனால்தான். இறங்காமல் ஏறிக்கொண்டே போனால், மிஞ்சிய கல்லீரலால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று பொருள். சிரோசிஸ் வந்த கல்லீரலிலும் இதே சிக்கல். ஆண்டுக்கணக்கில் மதுவாலோ வைரஸாலோ கொழுப்பாலோ சேதமும் பிரிவுமாக மாறி மாறி நடந்து, நார்த்திசு சூழ்ந்து, பல செல்கள் இனி பிரியவே முடியாத முதுமை நிலைக்குப் போயிருக்கும். ஓயாமல் பிரிந்தவற்றில் பிழைகள் சேர்ந்து புற்றுநோய் வருவதும் அங்கேதான்.

நரம்பு செல்லுக்கு வருவோம். கருவில் அதன் முன்னோடி செல்கள் மளமளவென்று பிரிகின்றன. கடைசிப் பிரிவு முடிந்ததும் பிறக்கும் நரம்பு செல் தன் இடத்துக்கு நகர்ந்து கிளைகளை நீட்டுகிறது. முதுகுத்தண்டிலிருந்து பாதத்துக்குப் போகும் ஒரு நரம்பு இழை ஒரு மீட்டர் வரை நீளும். ஒரு செல்லே ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் தாங்கும். செல் பிரிய வேண்டுமானால் உள்ளிருக்கும் நுண்குழல் சட்டகத்தைக் கலைத்து, குரோமோசோம்களை இழுக்கும் கதிராக மாற்றிக்கட்ட வேண்டும். கல்லீரல் செல்லால் இது முடியும், ஏனென்றால் அதன் வேலை அதன் நொதிகளில் இருக்கிறது. நரம்பு செல்லின் வேலையோ அதன் வடிவத்திலும் இணைப்பிலும் இருக்கிறது. அதே நுண்குழல்கள்தான் அந்த ஒரு மீட்டர் இழைக்குத் தண்டவாளமாகவும் இருக்கின்றன. அதனால் சைக்ளின் போன்றவற்றைக் குறைத்து, பிரிவுக்கான மரபணுக்களை டி.என்.ஏ. சுருளுக்குள் இறுக்கி மூடி, பல அடுக்குகளில் பூட்டிக்கொள்கிறது.

பூட்டை உடைத்தால் என்ன ஆகும் என்பதையும் சோதித்திருக்கிறார்கள். 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆர்.பி.யைச் செயலிழக்கச் செய்யும் ஒரு வைரஸ் புரதத்தைச் சிறுமூளையின் பர்கின்ஜி செல்களில் உருவாகும்படி எலிகளை மாற்றினார்கள். அந்தச் செல்கள் பெருகவில்லை, செத்தன. எலிகள் தள்ளாடி நடந்தன. அவை இறக்கும் முன் டி.என்.ஏ.வை நகலெடுக்கத் தொடங்கியிருந்தன என்பது அடுத்து வந்த ஆய்வுகளில் தெரிந்தது. அதாவது, சுழற்சிக்குள் நுழைய முடிகிறது, முடிக்க முடிவதில்லை. 2001-இல் அல்சைமர் நோயில் இறந்தவர்களின் மூளையிலும் சில நரம்பு செல்களில் டி.என்.ஏ. இரு மடங்காக இருந்தது தெரியவந்தது. நோயில் செல்கள் சாவதற்கு இந்த அரைகுறை முயற்சி ஒரு காரணமாக இருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பெரியவர்களின் மூளையில் தொடங்கும் கட்டிகள் பெரும்பாலும் நரம்பு செல்லிலிருந்து வராமல் அதைத் தாங்கும் கிளியா செல்கள், மூளையுறை போன்றவற்றிலிருந்து வருவதற்கும் இந்தப் பூட்டு ஒரு விளக்கம்.

விதிவிலக்கு உண்டு. நினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் பகுதியில் நாளுக்குச் சுமார் 700 புதிய நரம்பு செல்கள் சேர்வதாக ஃப்ரிசன் குழு 2013-இல் கணக்கிட்டது. 2018-இல் வேறொரு குழு, பெரியவர்களிடம் அப்படி எதையும் காண முடியவில்லை என்றது. வாதம் இன்னும் முடியவில்லை. எது சரியானாலும், புதியவை ஸ்டெம் செல்களிலிருந்து வருவன. முதிர்ந்த நரம்பு செல் ஜி-0-விலிருந்து திரும்பிவந்து பிரிந்ததாக அதற்குப் பொருளில்லை. கைநரம்பு அறுந்தால் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் இழை மீண்டும் வளர்கிறதே என்று கேட்கலாம். அங்கே இருக்கும் செல் தன் இழையை நீட்டுகிறது. செல்லின் உடல் செத்திருந்தால் அதுவும் நடக்காது.

பெரிய ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்தில் சிகிச்சை கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்று ஜெஃப்ரி சேவர் 2006-இல் கணக்கிட்டார். கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று மருத்துவர்கள் விரட்டுவது இதனால்தான். செத்த இடத்தில் கிளியா செல்கள் பிரிந்து தழும்பை உண்டாக்கும், நரம்பு செல்கள் வந்து நிரப்பாது. பிறகு பேச்சும் நடையும் ஓரளவு திரும்புவது, பிழைத்த செல்கள் பயிற்சியால் புதிய இணைப்புகளைப் போட்டுக்கொள்வதால். உடற்பயிற்சி சிகிச்சையை முதல் சில மாதங்களிலேயே தீவிரமாகச் செய்யச் சொல்கிறார்கள். அந்த மாதங்களில்தான் இணைப்புகள் அதிகம் மாறுகின்றன.