பெரம்பூரிலிருந்து அடையாறுக்கு எந்த வழி?

திரையில் தெரிவது சென்னை மாநகரப் பேருந்துகளின் ரூட் மேப். அதிலிருந்து தெருப் பெயர், வளைவு, தூரம் எல்லாவற்றையும் அழித்துவிடுவோம். நிறுத்தங்களுக்குப் புள்ளிகள், அடுத்தடுத்த நிறுத்தங்களை இணைக்கும் கோடுகள், இவை மட்டும் மிஞ்சும். அதுதான் கிராஃப். புள்ளி நோடு, கோடு எட்ஜ். ஒருவழித் தெருவாக இருந்தால் கோட்டில் அம்புக்குறியும் வேண்டும்.

இப்போது ஒவ்வொரு கோட்டின் மேலும் பயண நிமிடத்தை எழுதுங்கள். மிகக் குறைந்த நேரத்தில் போகும் வழியைக் கண்டுபிடிக்கும் முறையை டச்சுக்காரரான டைக்ஸ்ட்ரா 1956இல் ஆம்ஸ்டர்டாம் காபிக் கடை ஒன்றில் உட்கார்ந்து, தாளும் பேனாவும் இல்லாமல், சுமார் 20 நிமிடத்தில் யோசித்து முடித்தார். வெளியிட்டது 1959இல். புறப்படும் நிறுத்தத்துக்கு 0 போடு. இன்னும் முடிவாகாத நிறுத்தங்களில் எதன் எண் சிறியதோ, அதை முடிவு செய். அங்கிருந்து பக்கத்து நிறுத்தங்களுக்குக் கூட்டிப் பார். பழைய எண்ணைவிடக் குறைந்தால் திருத்து. போக வேண்டிய நிறுத்தம் முடிவாகும்வரை இதையே திரும்பச் செய். அவ்வளவுதான்.

பெரம்பூரிலிருந்து அடையாறுக்குப் போக வேண்டும். 29சி நேராகப் போகிறது. 60 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு வழியில் இரண்டு இடத்தில் பஸ் மாற வேண்டும். ஓடும் நேரம் 14, 15, 16. நிமிடங்கள் கணக்குக்காக நான் போட்டவை. மொத்தம் 45 என்பதால் டைக்ஸ்ட்ரா முறை இரண்டாவது வழியைத்தான் காட்டும். பஸ்ஸுக்குக் காத்து நின்று பழகிய எவரும் அதைக் கேட்டுச் சிரிப்பார்.

முறையில் பிழை இல்லை, நாம் வரைந்த படத்தில்தான் குறை. இறங்குவதும் அடுத்த பஸ்ஸில் ஏறுவதும் ஒரே புள்ளியில் நடப்பதால், காத்திருப்பை எழுத அங்கே கோடே இல்லை. அதனால் புள்ளியை உடைக்க வேண்டும். மூன்று தடங்கள் நிற்கும் இடத்துக்கு மூன்று நோடு; அவற்றுக்கு இடையே ‘மாறும் கோடுகள்’. ஒவ்வொன்றிலும் 12 நிமிடம் எழுதினால் இரண்டாவது வழி 45 + 24 = 69 ஆகிவிடும். 29சி ஜெயிக்கும். காத்திருப்பு 7 நிமிடம்தான் என்றால் 59. மாறிப் போவதே ஒரு நிமிடம் லாபம்.

அந்த 12 எங்கிருந்து வரும் என்பதுதான் இதில் கடினமான பகுதி. 20 நிமிடத்துக்கு ஒரு பஸ் சீராக வந்தால், நேரம் பார்க்காமல் போய் நிற்பவர் சராசரியாக 10 நிமிடம் காத்திருப்பார். அதே பஸ்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து 40 நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் சராசரி 20 ஆகிவிடும். ஓடும் பஸ்களின் எண்ணிக்கை மாறவில்லை, கால அட்டவணையும் அதேதான். ஆகவே எட்ஜின் மேல் எழுதும் எண்ணை அட்டவணையிலிருந்து எடுக்காதீர்கள். பஸ்கள் உண்மையில் நிறுத்தத்துக்கு வந்த நேரங்களிலிருந்து எடுங்கள்.