சதுர அடி ரேட் சரி, சதுர அடி யாரோடது?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி, "பெயிண்டிங்குக்கு சதுர அடி என்ன ரேட் போகுது?" இதுக்கு நேரா ஒரு நம்பர் சொல்லிடலாம். ஆனா அந்த நம்பரால உங்களுக்குப் பெரிய பிரயோஜனம் இல்ல. பில்லுல ரெண்டு நம்பர் பெருக்கப்படுது: ரேட், ஏரியா. நாம பேரம் பேசுறது முதல் நம்பர்ல. காசு போறது பெரும்பாலும் ரெண்டாவதுல.

ஒரு கணக்கு எடுத்துக்குவோம். சென்னையில ஒரு ரெண்டு பெட்ரூம் ஃபிளாட். பில்டர் பேப்பர்ல சூப்பர் பில்ட்-அப் 950 சதுர அடி, கார்ப்பெட் ஏரியா 680. பழைய பெயிண்ட் மேல பட்டி டச்-அப் பண்ணி, பிரைமர், ரெண்டு கோட் எமல்ஷன். முதல் பெயிண்டர் வந்து வீட்டைச் சுத்திப் பார்க்கிறார், டேப் எடுக்கல. "எத்தனை சதுர அடி வீடு சார்? 950-ஆ? இன்ட்டூ மூணரை, 3,325. அடிக்கு 17 ரூபா." மொத்தம் 56,525. ரெண்டாவது ஆள் டேப்போட வர்றார். ரூம் ரூமா ஒரு மணி நேரம் அளந்து 1,980 சதுர அடினு எழுதுறார், ரேட் 24. மொத்தம் 47,520. ரேட்டை மட்டும் கேட்டிருந்தா நீங்க முதல் ஆளைத்தான் கூப்பிட்டிருப்பீங்க. நிஜமா இருக்குற சுவருக்குக் கணக்குப் போட்டா அவரோட ரேட் அடிக்கு 28 ரூபாக்கு மேல வருது. (ரேட் எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்க ஊர்ல மாறும்.)

அந்த "மூணரை" எங்கிருந்து வந்தது? அது சும்மா அடிச்சு விடுற நம்பர் இல்ல. ஒரு ரூமோட நாலு சுவரும் சீலிங்கும் சேர்ந்த பரப்பு, தரைப் பரப்பைவிட எத்தனை மடங்குனு ஒரு குத்துமதிப்பு. பிரச்சினை என்னன்னா, ரூம் சைஸ் மாறினா இந்த மடங்கும் மாறும்.

```
பரப்பு = 2 × (நீளம் + அகலம்) × உயரம் + நீளம் × அகலம்
```

9 அடி உயரத்துல 8-க்கு 8 சின்ன ரூம்னா சுவர் 288, சீலிங் 64, மொத்தம் 352. தரையைப் போல அஞ்சரை மடங்கு. அதே உயரத்துல 20-க்கு 12 ஹால்னா 816 வரும், தரை 240, ஆக 3.4 மடங்குதான். அதுலயும் ஹால்லதான் ஓட்டை அதிகம். பால்கனி ஸ்லைடிங் டோர் 35, மெயின் டோர் 24 சொச்சம், உள் கதவு மூணு சேர்த்து 63, கிச்சன் வழி 27 சொச்சம்னு கழிச்சா 666-க்கு இறங்கிடும். மூணு மடங்கு கூட இல்ல. பாத்ரூம்ல டைல்ஸுக்கு மேல ரெண்டு அடி பட்டையும் சீலிங்கும் மட்டும்தான் வேலை.

இதைவிடப் பெரிய ஓட்டை, மூணரையை எதோட பெருக்குறாங்கன்றதுல இருக்கு. சூப்பர் பில்ட்-அப்ல லிஃப்ட், மாடிப்படி, லாபி எல்லாத்துலயும் உங்க பங்கு சேர்ந்திருக்கு. அந்த லாபிக்கும் உங்க பெட்ரூம் பெயிண்டர் பில் போடுறார்! ரெரா சட்டப்படி சொல்ற கார்ப்பெட் ஏரியாவும் சுத்தமான தரை அளவு கிடையாது. உள்ளே இருக்குற தடுப்புச் சுவரோட தடிமனும் அதுல சேரும், பால்கனி சேராது. அதனால பேப்பர்ல இருக்குற எந்த ஏரியாவும் பெயிண்டுக்கு ஆகாது. அளந்துதான் ஆகணும்.

நாமளும் ஒரு ரூம் அளப்போம். பெட்ரூம், 12-க்கு 11. உயரத்தை ஸ்கர்ட்டிங் டைல்ஸ் மேல இருந்து சீலிங் வரைக்கும் எடுங்க, தரையில இருந்து எடுக்காதீங்க. 9 அடினு வைங்க. சுத்தளவு 46, சுவர் 414, சீலிங் 132, கூட்டினா 546. மூலையில சீலிங் வரைக்கும் போற கப்போர்டு இருக்கு, 6 அடி நீளம், 2 அடி ஆழம். அதுக்குப் பின்னாடி 54, பக்கச் சுவர்ல 18, சீலிங்ல 12, மொத்தம் 84 சதுர அடிக்கு பிரஷ்ஷே போகாது. கழிச்சா 462. ஜன்னல் 5-க்கு 4, அதாவது 20. ஆனா அதை முழுசா கழிச்சா பெயிண்டருக்கு நஷ்டம். ஜன்னல் பதிஞ்சிருக்குற இடத்துல நாலு பக்கமும் சுவரோட தடிமன் தெரியும் இல்லையா, அதையும் அவர்தான் அடிக்கணும். 18 அடி சுத்தளவுக்கு 4 இன்ச்னா 6 சதுர அடி. ஆக 14 மட்டும் கழிச்சு, ரூம் 448.

கதவை எப்படிக் கழிக்கிறதுன்றதுலதான் சண்டை வரும். இதுக்கு இந்தியத் தர நிர்ணயமே இருக்கு, IS 1200. அதோட 13-ஆவது பகுதி வெள்ளையடிப்பு, பெயிண்டிங் அளவுக்கானது. சுருக்கமா சொன்னா, அரை சதுர மீட்டர் வரைக்கும் (சுமார் 5 சதுர அடி) உள்ள சின்ன ஓட்டையைக் கழிக்கவே வேண்டாம். அதுக்கு மேல 3 சதுர மீட்டர் வரைக்கும் (சுமார் 32 சதுர அடி), சுவரோட ரெண்டு முகத்துலயும் ஒரே வேலை நடந்தா ஒரு முகத்துல மட்டும் கழிக்கணும். இன்னொரு முகத்துல விடுறது பக்கவாட்டுத் தடிமனை அடிக்கிறதுக்கு ஈடு. அதைவிடப் பெருசுன்னா ரெண்டு முகத்துலயும் கழிச்சுட்டு, பக்கவாட்டைத் தனியா அளந்து கூட்டணும். சாதாரண உள் கதவு 21 சதுர அடி, நடு வகை. அதனாலதான் அதை ஹால் பக்கம் கழிச்சுட்டு பெட்ரூம் பக்கம் விட்டுட்டேன். எனக்கு இந்த விதி பிடிச்சதுக்குக் காரணம், இது ரெண்டு பக்கத்துக்கும் நியாயமா இருக்கு.

நேர்மைன்னா குறைச்சு அளக்கிறது மட்டும் இல்ல. சீலிங்ல ஒரு பீம் 12 அடி நீளத்துக்கு ஒரு அடி இறங்கி வந்தா, அதோட அடிப்பக்கம் சீலிங் கணக்குல ஏற்கெனவே வந்துடுச்சு, ஆனா ரெண்டு பக்கமும் சேர்த்து 24 சதுர அடி கூடும். பரண் உள்ளே அடிக்கணும்னா அதுவும் அப்படித்தான். இதை முதல்ல சொல்லாம விட்டுட்டு, பாதி வேலையில "எக்ஸ்ட்ரா சார்"னு வந்து நிக்கிற கொட்டேஷனும் தப்பான அளவுதான்.

மெட்டீரியலோட சேர்த்துக் கொட்டேஷன் கொடுத்தா ஒரு கிராஸ்-செக் இருக்கு. பெயிண்ட் பக்கெட் மேல ஒரு லிட்டர் எத்தனை சதுர அடி போகும்னு போட்டிருக்கும். வழவழப்பான சுவர்ல ரெண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 65 சதுர அடினு வைங்க. 1,980 சதுர அடிக்கு 30 லிட்டர், அதாவது 20 லிட்டர் பக்கெட் ஒண்ணு, 10 லிட்டர் ஒண்ணு. 3,325 உண்மையா இருந்தா 51 லிட்டர் ஆகணும். 3,325-க்குப் பில் போட்டுட்டு 30 லிட்டர்ல வேலை முடிஞ்சுதுன்னா, ஒண்ணு ஏரியா பொய், இல்ல பெயிண்ட்ல தண்ணி ஏறியிருக்கு. அதனால காலி பக்கெட்டைத் தூக்கிப் போட விடாதீங்க, எண்ணிப் பாருங்க.

கடைசியா, பெயிண்டரை வேலைக்குக் கூப்பிடும் முன்னாடி "அண்ணே, அளவை ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்துடலாமா?"னு கேளுங்க. டேப்போட ஒரு முனையை நீங்க பிடிங்க. ஒவ்வொரு ரூமுக்கும் நீளம், அகலம், உயரம், கழிச்சது, கூட்டினதுனு ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. அதுலயே பட்டி எத்தனை கோட், பெயிண்ட் எத்தனை கோட், எந்த பிராண்ட், சீலிங்குக்கு ரேட் வேறயான்னும் எழுதிடுங்க. பட்டிக்குத் தனி ரேட், பெயிண்டுக்குத் தனி ரேட்னு கேட்டா தப்பில்ல, ஆனா அதே சுவரை எத்தனை தடவை எண்ணுறாங்கன்னு அந்தத் தாள்ல தெரியணும். பேசுன ரேட்டை அதுக்குக் கீழே எழுதுங்க.