ஒரே பட்டியல், மூன்று வரிசையாக்கங்கள்

குமிழி வரிசையாக்கம் எனப்படும் பபிள் சார்ட், ஒன்றிணைப்பு வரிசையாக்கமான மெர்ஜ் சார்ட், விரைவு வரிசையாக்கமான குவிக் சார்ட் ஆகிய மூன்றும் எந்தப் பட்டியலையும் ஏறுவரிசையில் அடுக்கிவிடும். சம மதிப்புகளை அவை எப்படி நடத்துகின்றன, மோசமான நிலையில் எவ்வளவு வேலை செய்கின்றன என்பவற்றில்தான் வேறுபாடு இருக்கிறது. நான்கே பதிவுகள் கொண்ட ஒரு மதிப்பெண் பட்டியலில் இவ்விரண்டையும் பார்த்துவிடலாம்: கலா 40, மணி 20, செல்வி 40, பாலு 10.

கலாவும் செல்வியும் சம மதிப்பெண் பெற்றவர்கள். பட்டியலில் கலா முன்னால் இருக்கிறார். வரிசையாக்கம் முடிந்த பிறகும் கலாவே முன்னால் இருப்பார் என்று ஒரு முறை எப்போதும் உறுதி தருமானால் அது நிலைத்தன்மை உடையது. பெயர்வாரியாக அடுக்கிய பட்டியலை மீண்டும் மதிப்பெண்வாரியாக அடுக்கும்போது, சம மதிப்பெண்காரர்களிடையே பெயர் வரிசை கலையாமல் இருக்க இந்தப் பண்பு தேவை.

பபிள் சார்ட்

இது அடுத்தடுத்த இரண்டு பதிவுகளை ஒப்பிட்டு, முன்னது பெரியதாக இருந்தால் இடம் மாற்றுகிறது. முதல் சுற்றில் கலாவும் மணியும் இடம் மாறுவர். கலாவும் செல்வியும் சமம் என்பதால் அப்படியே நிற்பர். செல்வியும் பாலுவும் மாறுவர். பட்டியல் இப்போது 20, 40, 10, 40. கடைசி இடம் செல்விக்கு உறுதியாகிவிட்டது. இரண்டாம் சுற்றில் கலாவும் பாலுவும், மூன்றாம் சுற்றில் மணியும் பாலுவும் மாறினால் வேலை முடிந்தது. மொத்த ஒப்பீடுகள் 3 + 2 + 1 = 6. கலா இன்னும் செல்விக்கு முன்னால்தான்.

இதற்குக் காரணம் நிரலில் உள்ள ஒற்றைக் குறி:

```
if a[j] > a[j+1]:
    a[j], a[j+1] = a[j+1], a[j]
```

இங்கே `>` என்பதை `>=` என்று எழுதினால் சமமானவையும் இடம் மாறும், நிலைத்தன்மை போய்விடும்.

n பதிவுகளுக்கு மோசமான நிலையில் n(n−1)/2 ஒப்பீடுகள், அதாவது O(n²). இறங்குவரிசைப் பட்டியலில் ஒவ்வொரு ஒப்பீடும் இடமாற்றத்தில் முடியும். ஒரு சுற்றில் இடமாற்றமே நடக்காவிட்டால் நிறுத்தும் வசதியைச் சேர்த்தால் மட்டுமே சிறந்த நிலை O(n). அந்த வசதி இல்லாத நிரலுக்கு O(n) என்று எழுதுவது பிழை.

மெர்ஜ் சார்ட்

பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்து, அடுக்கிய பாதிகளை இது ஒன்றிணைக்கிறது. இடப்பாதி மணி 20, கலா 40 என்றும், வலப்பாதி பாலு 10, செல்வி 40 என்றும் அமையும். இணைக்கும்போது பாலு முதலில், அடுத்து மணி. பிறகு கலாவும் செல்வியும் சமமாக எதிரெதிரே நிற்பர். சமம் என்றால் இடப்பாதியிலிருந்து எடுக்க வேண்டும் என்பது விதி. அதனால் கலா முந்துகிறார். மொத்தம் 5 ஒப்பீடுகள்.

பட்டியல் எந்த ஒழுங்கில் இருந்தாலும் பாதியாகப் பிரிவது மாறாது. ஆகவே மோசமான நிலையிலும் O(n log n) தான். இதற்கு விலையாக, இணைப்பதற்கு O(n) அளவு கூடுதல் நினைவகம் வேண்டும்.

குவிக் சார்ட்

டோனி ஹோர் உருவாக்கிய இம்முறை ஒரு பதிவைப் பிவட்டாகத் தேர்ந்து, அதற்குச் சமமானவற்றையும் சிறியவற்றையும் இடப்பக்கம், பெரியவற்றை வலப்பக்கம் தள்ளுகிறது. கடைசிப் பதிவையே பிவட்டாகக் கொள்ளும் வடிவில் இங்கே பிவட் பாலு. அவரைவிடச் சிறியவர் எவரும் இல்லாததால், பாலு முதலிடத்திலிருக்கும் கலாவோடு நேரடியாக இடம் மாறுகிறார். பட்டியல் பாலு, மணி, செல்வி, கலா என்றாகிறது. அடுத்த இரு கட்டங்களிலும் எதுவும் நகராது. செல்வி முந்தியபடியே முடிகிறது. தொலைவிலுள்ள பதிவுகள் இப்படித் தாண்டி மாறுவதால்தான் குவிக் சார்ட்டுக்கு நிலைத்தன்மை இல்லை.

இதே எடுத்துக்காட்டு அதன் மோசமான நிலையையும் காட்டுகிறது. பிவட் ஒவ்வொரு முறையும் ஓர் ஓரத்திலேயே விழுந்ததால் பட்டியல் பாதியாகாமல் ஒன்று ஒன்றாகவே குறைந்தது. ஒப்பீடுகள் பபிள் சார்ட்டைப் போலவே 6. ஏற்கெனவே ஏறுவரிசையில் இருக்கும் 1,000 எண்களுக்கு இவ்வடிவம் 4,99,500 ஒப்பீடுகள் செய்யும். மெர்ஜ் சார்ட்டுக்கு எந்த 1,000 எண்களுக்கும் 10,000-க்குள் முடியும். பிவட்டைத் தற்செயலாகத் தேர்ந்தால் இந்த நிலை மிக அரிதாகும். ஆனால் கோட்பாட்டளவில் O(n²) மறையாது. எல்லா எண்களும் சமமாக இருந்தால், இவ்வடிவில் எந்தப் பிவட்டும் உதவாது.

சராசரியில் குவிக் சார்ட் O(n log n) எடுக்கிறது. இணைப்பதற்கென்று தனி அணி அதற்கு வேண்டியதில்லை. எனவே மோசமான நிலையிலும் நேர உறுதியும், சம மதிப்புகளின் வரிசையும் வேண்டுமென்றால் விடை மெர்ஜ் சார்ட். நினைவகம் குறைவாக இருந்து, நிலைத்தன்மை தேவைப்படாவிட்டால் குவிக் சார்ட். சிறிய அல்லது ஏறத்தாழ அடுக்கிய பட்டியலுக்கு, நிறுத்தும் வசதியுள்ள பபிள் சார்ட்.