99 ரூபாயில் பயோடேட்டா!

"99 ரூபாய்க்குப் பயோடேட்டா எழுதித் தருகிறோம். பெரிய கம்பெனிகளில் சேர்த்து விடுகிறோம்." செல்போனில் இப்படி ஒரு விளம்பரம் வருகிறது. காடாம்புலியூரில் டிப்ளமோ முடித்துவிட்டு, பக்கத்து நெய்வேலியில் வேலை கிடைக்காதா என்று காத்திருக்கும் வாலிபனுக்கு 99 ரூபாய் பெரிதாகவா தோன்றும்? கட்டிவிடுகிறான்.

பயோடேட்டாவும் வந்துவிடுகிறது! அதனால்தான் நம்பிக்கை பிறக்கிறது.

நான்காம் நாள் ஒரு பெண் பேசுகிறாள். "சார், உங்களைக் கம்பெனி தேர்ந்தெடுத்து விட்டது. சான்றிதழ்களைச் சரிபார்க்க வேண்டும். 1,500 ரூபாய் கட்டுங்கள்" என்கிறாள். கட்டியதும் டெலிபோனிலேயே இன்டர்வியூ நடக்கிறது. பிறகு, "5,000 ரூபாய் டெபாசிட். முதல் சம்பளத்தோடு திரும்பி வரும்" என்கிறார்கள். அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று 900 ரூபாய். ஆக மொத்தம் 7,499 ரூபாய். முந்திரித் தோப்பில் அம்மா கூலிக்குப் போய்ச் சேர்த்த பணம்!

ஒரே தடவையில் 7,499 ரூபாய் கேட்டிருந்தால் பையன் ஓடியிருப்பான். "இத்தனை கட்டியாகிவிட்டது, இன்னும் கொஞ்சம்தானே" என்ற நினைப்புதான் அவனைக் கட்ட வைக்கிறது.

ஐதராபாத்தில் பிடிபட்டது

2018-ம் ஆண்டு ஐதராபாத்தில் 'விஸ்டம் ஜாப்ஸ்' என்ற வேலைவாய்ப்பு இணையதளத்தின் தலைவரையும் ஊழியர்கள் பலரையும் சைபராபாத் போலீசார் கைது செய்தார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் சுமார் 70 கோடி ரூபாய் வசூலித்ததாகப் போலீசார் குற்றம் சாட்டினார்கள். வேலை தேடியவர்களிடம் பல பெயர்களில் கட்டணம் வாங்கினார்கள், போலி இன்டர்வியூவும் நடத்தினார்கள் என்பது புகார். தலைக்குக் கணக்குப் பார்த்தால் ஏழாயிரம் ரூபாய்க்குள்தான் வரும். இவ்வளவு சிறிய தொகைக்காகப் போலீஸ் நிலையம் ஏறுகிறவர் எத்தனை பேர்?

எப்படிக் கண்டுபிடிப்பது?

பயோடேட்டா எழுதக் கூலி வாங்குவது குற்றமல்ல. நேர்மையாக எழுதித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சான்றிதழ் சரிபார்ப்பது கம்பெனியின் வேலை. அந்தச் செலவை வழக்கமாகக் கம்பெனிதான் ஏற்கும். அதற்காக உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். எந்தக் கம்பெனி என்று கேட்டு, அதன் அலுவலகத்திலேயே விசாரியுங்கள். பணம் எந்தப் பெயருக்குப் போகிறது என்றும் பாருங்கள். கம்பெனி பெயர் இல்லாமல் யாரோ தனி ஆள் பெயர் வந்தால் சந்தேகம் வேண்டாம், மோசடிதான்.

இன்னொரு தந்திரமும் உண்டு. "பணத்தைத் திருப்பித் தருகிறோம், ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்பார்கள். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. போட்டால் உங்கள் பணம்தான் போகும்!

ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். cybercrime.gov.in என்ற தளத்திலும் புகார் எழுதலாம். பணம் அடுத்த கணக்குக்கு மாறுமுன் தகவல் போனால் பாங்கியில் நிறுத்தி வைக்க வழி உண்டு. பணம் கட்டிய ரசீது, பேசிய நம்பர், வந்த செய்திகள் எதையும் அழித்துவிடாதீர்கள். போலீசார் முதலில் கேட்பது அவற்றைத்தான்.